புல்லின் தூசியும் புறாவின் தூசியும்

இங்கிலாந்தின் வடமேற்கே வெசுற்மோலாந்து என்றொரு மாவட்டம் இருந்தது. குன்றுகளும் ஏரிகளும் நிறைந்த அந்த நாட்டில் மழைக்குப் பஞ்சமில்லை. அங்குள்ள கமக்காரர் நெல்லோ தானியமோ பெரிதாக விளைவிப்பதில்லை. அவர்களது செல்வமெல்லாம் ஆடும் மாடுமே. குளிர்காலத்தில் வெளியிற் புல் வளராது. ஆதலால் கோடையிலே புல்லை அறுத்து வெயிலில் உலர்த்திக் களஞ்சியத்தில் அடுக்கிவைத்துக்கொள்வர். பனி விழுந்து நிலம் உறைந்த மாதங்களிற் கால்நடைகளை உயிரோடு காப்பது அந்த உலர்புல்லே.

அத்தகைய கமக்காரர் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அவர் தனியொரு மனிதரல்லர். வைத்தியர்கள் கண்ட பலருடைய வரலாற்றை ஒருசேரக் காட்டும் உருவம். வயது நாற்பது. திடகாத்திரமானவர். தை மாதத்தில் ஒரு நாட் காலை பத்து மணிக்குக் களஞ்சியத்தின் கதவை அடைத்துக்கொண்டு, அடுக்கியிருந்த புல்லைக் கவைக்கோலாற் பிரித்து மாடுகளுக்கு இடுகின்றார். புல்லைப் பிரிக்கும்போது புகைபோல வெண்டூசி எழும்புகின்றது. இரண்டொரு முறை இருமுகின்றார், அவ்வளவுதான். மதியம் நன்றாக உண்கின்றார். மாலை நான்கு மணியளவில் உடல் சிலிர்க்கின்றது. ஐந்து மணிக்குக் குளிர் நடுக்கம். ஆறு மணிக்குக் கடுங்காய்ச்சல். தலையிடி, உடல் உளைவு, வரட்டிருமல், மார்பை யாரோ பட்டையாற் கட்டி இறுக்கியதுபோன்ற உணர்வு. படியேறினால் மூச்சு முட்டுகின்றது. ஊர் வைத்தியர் வந்து பார்த்து, இது குளிர்காலத்து இன்புளுவென்சா என்று கூறி மருந்து கொடுத்துப் போகின்றார். இரண்டு நாட் படுக்கையிற் கிடந்தபின் காய்ச்சல் தணிகின்றது. மருந்து வேலைசெய்தது என்று யாவரும் மகிழ்கின்றனர். நான்காம் நாள் அவர் மீண்டும் களஞ்சியத்துக்குப் போகின்றார். அன்று மாலை மீண்டும் அதே காய்ச்சல்.

இந்த வரலாற்றிலே நேயர்கள் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. நோய் தணிந்தது மருந்தினாலன்று. அவர் களஞ்சியத்துக்குப் போகாமற் படுத்திருந்தமையினாலேயே தணிந்தது. இதனை அறியாதவரை, ஒரே மனிதருக்கு ஒரே குளிர்காலத்தில் ஆறு முறை இன்புளுவென்சா வந்ததாகவும் ஆறு முறையும் மருந்து அதனை வென்றதாகவுமே எண்ணிக்கொண்டிருக்க நேரிடும்.

1932ஆம் ஆண்டிலே காம்பெல் என்ற வைத்தியர், வெசுற்மோலாந்துக் கமத்தொழிலாளர் சிலருக்கு வந்த இந்த நோயைப் பற்றிப் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதினார். அவர்கள் யாவரும் மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த உலர்புல்லைக் கையாண்டவர்கள். நல்ல வெயிலில் உலர்ந்த புல்லைக் கையாண்ட ஆண்டுகளில் அவர்களுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. ஆகவே குற்றம் புல்லிலன்று, புல்லுக்கு நேர்ந்த ஏதோவொன்றிலே உள்ளது என்பது அப்போதே தெளிவாயிற்று. பிற்காலத்தில் இதற்குக் கமக்காரர் சுவாசப்பை நோய் என்ற பெயர் நிலைத்தது. ஆனால் புல்லுக்கு நேர்ந்தது யாது என்பதை அறிய மேலும் முப்பது ஆண்டுகள் கழியவேண்டியிருந்தது.

அந்த விடையைத் தேடியவர்களிற் சிலர் வைத்தியரல்லர், பயிர் ஆராய்ச்சியாளர். இலண்டனுக்கு வடக்கே உறொதம்சுதெட் என்னுமிடத்தில் உள்ள பழம்பெரும் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் கிரெகரி, லேசி என்பவர்கள் உலர்புல்லை வெவ்வேறு அளவு ஈரத்தோடு கட்டிவைத்து, அதனுள் என்ன நிகழ்கின்றது என்று நாள்தோறும் அளந்தனர். அவர்கள் கண்ட விடயத்தை எந்தக் கமக்காரனும் எளிதில் விளங்கிக்கொள்வான். ஈரமான வைக்கோலைப் போராக அடுக்கினால் உள்ளே சூடேறும் என்பது எங்கும் அறிந்த செய்தியே. அந்தச் சூட்டினை உண்டாக்குவன நுண்ணுயிர்கள். அவை ஈரத்தில் வளர்ந்து மூச்சுவிடும்போது வெப்பம் பிறக்கின்றது. போரின் நடுவிலிருந்து அந்த வெப்பம் வெளியேற வழியில்லை.

நூற்றுக்குப் பதினாறு பங்கு ஈரத்தோடு கட்டிய புல் ஏறக்குறையச் சூடேறவேயில்லை, நன்றாகவே இருந்தது. நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு ஈரமிருந்த புல் ஏறத்தாழ 45 பாகை செல்சியசு வரை சூடேறிப் பல வகைப் பூஞ்சணங்களால் நிறைந்தது. நாற்பது பங்கு ஈரமிருந்த புல்லோ 60 பாகையையும் கடந்தது. அந்தச் சூட்டிலே சாதாரணப் பூஞ்சணங்கள் மடிந்துபோகும். ஆனால் சூட்டையே விரும்பி வளரும் ஒருவகை நுண்ணுயிர்கள் உள்ளன. பார்வைக்குப் பூஞ்சணத்தைப் போல நூல்நூலாக வளர்ந்தாலும் அவை உண்மையிற் பற்றீரியா இனத்தைச் சேர்ந்தவை. மற்றவை மடிந்த இடத்தில் இவை தனியரசு செலுத்திக் கோடிகோடியாக வித்திகளை ஈனுகின்றன. பின்னர் போர் குளிர்ந்து உலர்ந்துவிடுகின்றது. வித்திகள் மட்டும், யாராவது வந்து புல்லைப் பிரிக்கும் நாள்வரை, அங்கேயே காத்திருக்கின்றன. மழைக் கோடைக்குப் பின்வரும் குளிர்காலத்திலே நோய் மிகுவதற்குக் காரணம் இதுவே.

1963ஆம் ஆண்டில் இலண்டனைச் சேர்ந்த பெப்பிசு என்ற ஒவ்வாமை வைத்திய அறிஞரும் உறொதம்சுதெட் ஆராய்ச்சியாளரும் சேர்ந்து, நோயாளரின் குருதி எந்த நுண்ணுயிரை இனங்காணுகின்றது என்று வெளியிட்டனர். அது அந்தச் சூடு விரும்பும் நுண்ணுயிர்களுள் ஒன்றே. அதன் பெயர் பலமுறை மாறிவிட்டது. இப்போது அதனைச் சக்கரோபொலிசுபோரா இரெற்றிவேர்குலா என்று அழைக்கின்றனர். பெயரை நினைவில் வைக்கவேண்டியதில்லை. அதன் வித்தியின் பருமனையே நினைவில் வைக்கவேண்டும். ஒரு வித்தியின் விட்டம் ஏறத்தாழ ஒரு மைக்குரோன். அதாவது ஆயிரம் வித்திகளை வரிசையாக அடுக்கினால் ஒரு மில்லிமீற்றர் ஆகும்.

பருமன் ஏன் முக்கியம்? மூக்கும் சுவாசக் குழாய்களும் நல்ல வாயிற்காவலர். பத்து மைக்குரோனுக்கு மேற்பட்ட தூசியின் பெரும்பகுதியை மூக்கும் தொண்டையுமே தடுத்துவிடும். மகரந்தத் தூள் இத்தகையது. அதனாலேயே மகரந்த ஒவ்வாமை உடையவர் தும்முகின்றனர், கண்ணீர் வடிக்கின்றனர். அதனிலும் சிறிய தூசி சுவாசக் குழாய்களின் சளியில் ஒட்டி இருமலோடு வெளியேறும். ஐந்து மைக்குரோனுக்குட்பட்ட நுண்டூசியோ இந்தக் காவல்களையெல்லாம் கடந்து, சுவாசப்பையின் கோடியிலுள்ள சிற்றறைகளுக்கே சென்றுவிடுகின்றது. ஒரு மனிதனின் சுவாசப்பைகளில் முப்பது கோடிக்கு மேற்பட்ட சிற்றறைகள் உள்ளன. குருதிக்கும் காற்றுக்கும் இடையே உள்ள சுவர் அங்கே ஒரு மைக்குரோனிலும் மெல்லியது. ஒட்சிசன் குருதியிற் கலப்பது அந்தச் சுவரினூடாகவே. பூஞ்சணம் பிடித்த புல்லை அடைத்த களஞ்சியத்திற் பிரிப்பவரின் சுவாசப்பையில், நிமிடந்தோறும் ஏறத்தாழ ஏழரை இலட்சம் வித்திகள் சென்று தங்கக்கூடும் என்று மதிப்பிடப்பட்டுள்ளது.

இந்த வித்திகள் அங்கே முளைத்து வளர்வதில்லை. இது தொற்றுநோயன்று, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவாது, கிருமியைக் கொல்லும் மருந்துக்கு இங்கே வேலையில்லை. தீங்கு செய்வது வித்தியன்று, வித்தியைக் கண்டு உடல் தொடுக்கும் போரே. கமக்காரர் பல ஆண்டுகளாக இந்தத் தூசியைச் சுவாசித்துவந்திருக்கின்றார். அந்த ஆண்டுகளில் அவரது உடல் அதனைப் பகையென்று குறித்துவைத்துக்கொள்கின்றது. குருதியிலே பிறபொருளெதிரிகள் உருவாகின்றன. நிணநீர்க்குழியங்கள் எனப்படும் வெண்குழியங்கள் அதனை அடையாளங் காணப் பழகிவிடுகின்றன. இந்தப் பயிற்சி முற்றியபின் ஒரு நாள் மீண்டும் தூசி உட்செல்லும்போது, அந்தக் குழியங்கள் சிற்றறைகளின் சுவரிலே திரள்கின்றன, சுவர் வீங்குகின்றது, ஒட்சிசன் எளிதிற் கடந்துசெல்ல இயலவில்லை. இவ்வாறு படை திரள்வதற்குச் சில மணிநேரம் வேண்டும். காலையிற் சுவாசித்த தூசிக்கு மாலையிற் காய்ச்சல் வருவது அதனாலேயே.

நாலு முதல் எட்டு மணிநேரம் வரையான இந்தத் தாமதமே நோயை மறைத்துவைக்கும் திரை. உண்டவுடன் வயிறு நொந்தால் உணவைக் குறைகூறுவோம். காலையில் நுகர்ந்ததற்கு மாலையில் உடல் நொந்தால் எதனைக் குறைகூறுவது? ஆசுமா என்னும் தொய்வு நோயிலிருந்து இதனைப் பிரித்தறிவதற்கும் இந்தத் தாமதமே பெரிதும் உதவுகின்றது. தொய்வு பெரும்பாலும் தூசி பட்ட சில நிமிடங்களிலேயே தோன்றும், மூச்சை வெளியே விடும்போது சீழ்க்கை ஒலி கேட்கும், காய்ச்சல் இராது. இந்த நோயிலோ காய்ச்சல் உண்டு, சீழ்க்கை அரிது. மூச்சை உள்ளே இழுக்கும்போது மார்பின் கீழ்ப்பகுதியில், தலைமயிரைக் காதருகே விரலால் உருட்டினாற்போன்ற மெல்லிய நொறுநொறுப்பினை வைத்தியரின் இதயத்துடிப்புமானி கேட்கும்.

மற்றுமோர் ஐயத்தையும் இங்கே தீர்க்கவேண்டும். கடுமையாகப் பூஞ்சணம் பிடித்த தீனியையோ தானியத்தையோ ஒரே நாளில் மிகுதியாகக் கிளறினால், முன்பு ஒருபோதும் அத்தூசியைச் சுவாசியாதவருக்குங்கூட அன்று மாலை காய்ச்சல் வரலாம். ஒருங்கே வேலைசெய்த பலரும் ஒன்றாக நோயுறுவர். இது நஞ்சேறியதை ஒத்தது. ஓரிரு நாளிற் குணமாகும். சுவாசப்பையில் வடு வைப்பதில்லை. கமக்காரர் சுவாசப்பை நோயோ, ஒரே களஞ்சியத்தில் வேலைசெய்யும் பலருள் யாரோ ஒருவரையே தேடிப் பிடிக்கின்றது. மறுமுறை மிகக் குறைந்த தூசியே போதும், அவருக்கு நோய் திரும்புவதற்கு.

இனி, களஞ்சியத்தை விட்டு நகரத்து வீடொன்றுக்குச் செல்வோம். ஐரோப்பிய நகரங்களிலே தொழிலாளர் பலர் புறா வளர்த்துப் பந்தயம் விடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள். 1965ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர்களும், அடுத்த ஆண்டில் இலண்டன் வைத்தியர்களும், புறாவும் சிறு கிளியும் வளர்ப்போருக்கு இதேபோன்ற நோய் வருவதை விவரித்தனர். இங்கே பூஞ்சணமில்லை, குற்றவாளி பறவையே. புறாவின் சிறகினைத் தொட்ட கையிலே மாப்போன்ற வெண்பொடி ஒட்டியிருப்பதைக் காணலாம். இறகு நனையாமலிருப்பதற்காக இயற்கை பூசிய பொடி அது. ஒரு மைக்குரோன் அளவில் நுண்ணியது. அந்தப் பொடியின் மேலும் உலர்ந்த எச்சத்திலும் பறவையின் உடற் புரதங்கள் படிந்துள்ளன. மனித உடல் பகையாகக் குறித்துக்கொள்வது இந்தப் புரதங்களையே.

புறா வளர்ப்பவர் சனிக்கிழமை தோறும் கூட்டைக் கூட்டித் துப்புரவு செய்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். சனி மாலையிற் காய்ச்சலும் திங்கட்கிழமை நலமும் அவருக்கு வழக்கமாகின்றன. அவர் கமக்காரரைப் போன்றவரே. காலம் சென்றாலும் ஒரு நாள் அந்தத் தொடர்பு அவருக்கே விளங்கிவிடும்.

ஆனால் அடுக்களையில் ஒரு கூண்டிலே பட்ஜெரிகார் என்னும் சிறு கிளி ஒன்றை வளர்க்கும் மூதாட்டியை எண்ணிப்பாருங்கள். அவருக்கு ஒரு நாளும் காய்ச்சல் வருவதில்லை. அவர் சுவாசிக்கும் தூசி மிகச் சிறிது. ஆனால் நாள்தோறும், இரவும் பகலும், ஆண்டுக்கணக்கில் சுவாசிக்கின்றார். முதலாம் ஆண்டு மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்குகின்றது. முதுமை என்று நினைக்கின்றார். இரண்டாம் ஆண்டு வரட்டிருமல் நீங்குவதேயில்லை. மூன்றாம் ஆண்டு உடல் மெலிகின்றது, சட்டை தொளதொளக்கின்றது. கடைத்தெருவுக்குப் போவதற்கு இரண்டு முறை நின்று இளைப்பாற வேண்டியிருக்கின்றது. வைத்தியரிடம் போகும்போது அவரது விரல் நுனிகள் முரசுகொட்டும் கோல்போலப் பருத்திருக்கவுங் கூடும். வைத்தியர் தொழிலைக் கேட்கின்றார், புகைப்பழக்கத்தைக் கேட்கின்றார், முன்னைய நோய்களைக் கேட்கின்றார். கிளியைப் பற்றிக் கேட்பதில்லை. கிளியைப் பற்றிச் சொல்லவேண்டுமென்று அவருக்கும் தோன்றவில்லை. வீட்டிலே தனிமைக்குத் துணையாயிருக்கும் உயிர் அது. அதனை யார் ஐயுறுவர்?

இந்த மூதாட்டியின் நிலையே கமக்காரரின் நிலையிலும் ஆபத்தானது. காய்ச்சல் ஒரு துன்பமாயினும் அது எச்சரிக்கை மணியுமாகும். மணி அடிக்காத வீட்டில் தீ மெல்லப் பரவுகின்றது. சிற்றறைச் சுவரில் இடைவிடாது நிகழும் போர், புண் ஆறும்போது வடு விழுவதைப்போல, நார்த்தழும்புகளை விட்டுச்செல்கின்றது. வீக்கம் வற்றக்கூடியது, தழும்பு வற்றாது. தழும்பேறிய சுவாசப்பை விறைத்துச் சுருங்குகின்றது. இழந்த பகுதியை எந்த மருந்தும் மீட்டுத்தருவதில்லை. ஆகவே இக்காலத்து வைத்தியர்கள் இந்த நோயைப் பிரிக்கும்போது, தழும்பு விழுந்ததா, விழவில்லையா என்ற கேள்வியையே முதன்மையாகக் கொள்கின்றனர். 2020ஆம் ஆண்டில் அமெரிக்க, சப்பானிய, இலத்தீன் அமெரிக்கச் சுவாச நோய்ச் சங்கங்கள் வெளியிட்ட நெறிமுறையும் இந்தப் பிரிவினையையே கைக்கொண்டது.

இனி நோயை உறுதிசெய்யும் முறை. வெறும் எக்சுக் கதிர்ப்படம் பல வேளைகளில் ஒன்றுங் காட்டாது. குறுக்குவெட்டுக் கதிர்ப்படம் என்னும் நுண்ணிய படத்திலே, தேய்த்து மங்கலாக்கிய கண்ணாடியை ஒத்த மூட்டமும் சிறு புள்ளிகளும் தெரியும். நாட்பட்ட நோயாயின் தழும்புக் கோடுகளும் தெரியும். நெளியும் குழாயொன்றைச் சுவாசப்பைக்குட் செலுத்திச் சிறிது உப்பு நீரால் அலம்பி எடுத்து ஆராய்ந்தால், அந்த நீரிலே நிணநீர்க்குழியங்கள் மிகுதியாக இருக்கும். புகைபிடியாத நலமுள்ளவரிடம் அவை நூற்றுக்குப் பத்துப் பதினைந்தளவிலேயே இருக்கும்; இந்த நோயாளரிடம் பாதிக்கு மேலும் இருக்கக்கூடும்.

குருதிச் சோதனை ஒன்றும் உண்டு. அதனைப் பலர் பிழையாக விளங்கிக்கொள்கின்றனர். பெப்பிசு முதலானோர் கையாண்ட பழைய முறை மிக எளியது. கூழ்போல் உறைந்த அகார்த் தட்டிலே இரு குழிகள் தோண்டுவர். ஒன்றில் நோயாளரின் குருதித் தெளிவையும் மற்றையதிற் பூஞ்சணப் புல்லின் சாற்றையும் இடுவர். இரண்டும் கூழிலே ஊறி ஒன்றையொன்று நோக்கி நகரும். குருதியிலே அந்தச் சாற்றுக்கு எதிரான பிறபொருளெதிரி இருந்தால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் வெண்கோடு ஒன்று விழும். கோடு விழுந்தால் நோய் என்று கொள்ளலாமா? கொள்ளலாகாது. கோடு கூறுவது ஒன்றே: இந்த மனிதர் அந்தத் தூசியைச் சுவாசித்திருக்கின்றார், அவரது உடல் அதனை அறிந்துவைத்திருக்கின்றது. நலமாயிருக்கும் கமக்காரரிலும் புறா வளர்ப்போரிலும் பலருக்கு இந்தக் கோடு விழுகின்றது. மறுபுறம், நோயுற்ற சிலருக்குக் கோடு விழுவதில்லை. ஆதலால் குருதிச் சோதனை ஒரு சாட்சி, தீர்ப்பன்று.

இதனோடு சேர்ந்த விந்தையொன்று உண்டு. புகைபிடிப்போருக்கு இந்த நோய் வருவது குறைவு. புகையிலைப் புகை, சுவாசப்பையின் காவற்குழியங்களை மந்தப்படுத்திவிடுவதே காரணமாகலாம் என்பர். இதனைக் கேட்டுச் சுருட்டைப் பற்றவைப்பவர் பிழைசெய்வர். புகைபிடிப்பவருக்கு இந்த நோய் வந்துவிட்டால் அது மற்றவரினும் கொடிதாக முடிகின்றது. புகையின் ஏனைய தீங்குகள் வேறு இருக்கின்றன.

எல்லாச் சோதனைகளிலும் மேலானதும் செலவற்றதுமான சோதனை ஒன்றுண்டு, அது வினவுதல். எந்நேரம் நோய் தொடங்கியது? அதற்கு எட்டு மணிநேரம் முன்னர் எங்கே இருந்தீர்? விடுமுறையில் வெளியூர் போனபோது நலமாயிருந்தீரா? வீடு திரும்பிய எத்தனையாம் நாள் மீண்டும் வந்தது? வீட்டிற் பறவை உண்டா, முன்பு இருந்ததா? தலையணையும் போர்வையும் இறகு அடைத்தவையா? சுவரிலே ஈரக்கறையும் பூஞ்சணமும் உண்டா? இக் கேள்விகளுக்கு விடை எழுதிய தாளொன்று, விலையுயர்ந்த கருவிகள் காட்டாததைக் காட்டிவிடுவதுண்டு. எனினும் எவ்வளவு தேடியும் காரணம் அகப்படாத நோயாளரும் பலர் உளர் என்பதையும் மறைக்கலாகாது. அவர்களிடம் நோயை அடக்குவது அரிது. தூசியை அறியாமல் அதனை விலக்குவது எங்ஙனம்?

விலக்குவதே வைத்தியம். வீக்கத்தைத் தணிக்கும் பிரெட்னிசொலோன் போன்ற மருந்துகள் கொடுக்கப்படுகின்றன. மூச்சுத்திணறல் விரைவிற் குறைகின்றது. ஆயினும் பின்லாந்து நாட்டிலே கமக்காரர்களிடம் நடத்தி 1992ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று கவனிக்கத்தக்கது. மருந்து பெற்றவர்கள் முதல் மாதத்தில் விரைவாகத் தேறினர். ஆனால் ஐந்து ஆண்டுகள் கழித்து அளந்தபோது, மருந்து பெற்றவருக்கும் பெறாதவருக்கும் இடையே வேறுபாடு காணப்படவில்லை. மருந்து காலத்தைச் சுருக்குகின்றது, முடிவை மாற்றுவதில்லை. அன்றியும் மருந்து நோயின் எச்சரிக்கையை அடக்கிவைத்துத் தூசியிலேயே தொடர்ந்து வேலைசெய்ய இடமளிக்குமாயின், அது நன்மையிலும் தீமையே மிகுதியாகச் செய்ததாகும். தழும்பு தொடர்ந்து பரவுவோருக்கு அதன் வேகத்தைக் குறைக்கும் மருந்தொன்று 2020ஆம் ஆண்டு முதல் வழக்கில் உள்ளது. அதுவும் விழுந்த தழும்பை அகற்றுவதில்லை.

தூசியை விலக்கு என்று சொல்வது எளிது. கமக்காரரிடம் அப்படிச் சொல்வது அவரது பாட்டன் வழிவந்த தொழிலை விடு என்பதற்கு ஒப்பாகும். மூதாட்டியிடம் சொல்வது துணையைத் துரத்து என்பதற்கு ஒப்பாகும். பலர் மறுத்துவிடுகின்றனர். ஆகவே தொழிலை விடாமலே தூசியைக் குறைக்கும் வழிகளை அறிந்திருத்தல் வேண்டும். கமத்திலே முதல் வழி, புல்லைக் கட்டுமுன் நன்றாக உலர்த்துவது. வெயில் போதாதாயின் காற்று ஊதும் விசிறியால் உலர்த்தலாம். அல்லது புரொப்பியோனிக்கு அமிலம் தெளித்து நுண்ணுயிரின் வளர்ச்சியைத் தடுக்கலாம். இன்னுஞ் சிறந்த வழி, பச்சைப் புல்லைக் காற்றுப் புகாமல் அடைத்து ஊறுகாய்போலப் புளிக்கவைத்துப் பதப்படுத்துவது. அது ஈரமாகவே இருப்பதால் தூசி எழாது; காற்றும் சூடும் இன்றிச் சூடு விரும்பும் உயிர்கள் வளர்வதுமில்லை. பிரித்தானியாவிலே உலர்புல்லின் இடத்தைப் பதப்படுத்திய புல் பிடித்தபின் இந்த நோய் பெரிதுங் குறைந்தது.

பூஞ்சணம் பிடித்த புல்லைக் கையாளவேண்டிய கட்டாயம் நேர்ந்தால், கதவைத் திறந்துவைத்து, புல்லை நனைத்து, நுண்டூசி வடிக்கும் முகமூடியை முகத்தோடு பொருந்த அணிந்து கையாளவேண்டும். மூக்கிலே கட்டிய சால்வையும் துணியும் இங்கே பயன்படா. ஒரு மைக்குரோன் வித்திக்குத் துணியின் இழையிடை ஒரு திறந்த வாயிலே. முகமூடியும் தூசியைக் குறைக்குமேயன்றி முற்றாகத் தடுக்காது. ஒருமுறை நன்கு நோயுற்றவருக்கு அதுமட்டும் போதாமற் போகலாம். அவருடைய மூச்சின் அளவை ஆண்டுதோறும் அளந்து பார்ப்பதே, முகமூடி காக்கின்றதா என்று அறியும் வழி.

பறவை வளர்ப்போரிடம் விலக்குதல் என்றால் பறவையை மட்டும் வெளியேற்றுவதன்று. பறவை போனபின்னும் அதன் நுண்பொடி கம்பளத்திலும் திரையிலும் மெத்தையிலும் பல மாதங்கள் தங்கியிருக்கும். கிளியைக் கொடுத்துவிட்டேனே, இன்னும் ஏன் இருமுகின்றேன் என்று கேட்பவருக்கு விடை அந்தக் கம்பளத்தில் இருக்கின்றது. துணிகளை வெளுத்து, கம்பளங்களை அகற்றி, சுவரையும் தரையையும் ஈரத்துணியால் துடைக்கவேண்டும். நோயுற்றவர் அந்த வேலையைத் தாமே செய்யலாகாது.

பிரித்தானிய அரசு 1965ஆம் ஆண்டில் கமக்காரர் சுவாசப்பை நோயைத் தொழிலால் வரும் நோய்களின் பட்டியலிற் சேர்த்தது. அதன்பின் அந்த நோயால் உழைக்கவியலாத தொழிலாளர் உதவிப்பணம் கோர வழி பிறந்தது. வெசுற்மோலாந்து மாவட்டம் என்ற பெயர் 1974ஆம் ஆண்டில் நாட்டுப் படத்திலிருந்து மறைந்து, பின்னர் 2023ஆம் ஆண்டிற் புதியதோர் ஆட்சிப்பிரிவின் பெயராகத் திரும்பிவந்தது. அங்கே இன்று மழை பெய்யும் கோடையிற் புல்லைக் கட்ட நினைக்கும் கமக்காரர், கைப்பிடியளவு புல்லை முறுக்கிப் பார்க்கின்றார். அது முறியாமல் வளைந்துகொடுத்தால் இன்னும் ஈரமிருக்கின்றது என்று அறிந்து, கட்டாமல் மறுநாள் வெயிலுக்காகக் காத்திருக்கின்றார்.